இன்றைய பட்டியல், நேற்றைய லாபம்

2018 ஜனவரி 1 அன்று ஒருவர் ஆயிரம் டாலரை எடுத்து, சந்தை மதிப்பில் அன்றைக்கு முதல் பத்து இடங்களில் இருந்த கிரிப்டோ காயின்களில் தலா நூறு டாலர் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஏழு ஆண்டுகள் தொடாமல் விட்டிருந்தால், 2024 டிசம்பர் 31 அன்று அவரிடம் சுமார் 1,460 டாலர் இருந்திருக்கும்.

இன்னொருவர் அதே கணக்கைக் கணினியில் போடுகிறார். ஆனால் அவர் எடுத்துக்கொள்வது 2024 டிசம்பர் இறுதியின் முன்னணிப் பட்டியல். அதில் இருக்கும் காயின்களில் 2018 ஜனவரியிலேயே ஆயிரம் டாலரைச் சமமாகப் பிரித்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கிறார். விடை சுமார் 19,500 டாலர்.

தொடங்கிய நாள் ஒன்று. முடித்த நாளும் ஒன்று. வாங்கிவிட்டுக் காத்திருப்பது என்ற உத்தியும் ஒன்றே. காயின்களின் பட்டியல் மட்டும்தான் வேறு. பதின்மூன்று மடங்கு வித்தியாசம் முழுவதும் அந்தப் பட்டியலிலிருந்து வந்தது. 2018 ஜனவரியில் அப்படி ஒரு பட்டியலை யாரும் கையில் வைத்திருக்க முடியாது.

ஒரு வர்த்தக உத்தியைப் பழைய விலைகள்மீது ஓட்டிப் பார்ப்பதற்கு பேக்டெஸ்ட் என்று பெயர். “இந்த விதிப்படி வாங்கி விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?” என்ற கேள்விக்குப் பழைய விலைகளைக் கொண்டே விடை தேடும் வேலை இது. இன்று பிழைத்திருக்கும் காயின்களின் விலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வழியில் செத்துப்போனவற்றையும் எக்ஸ்சேஞ்சுகள் டீலிஸ்ட் செய்தவற்றையும் விட்டுவிட்டால் அந்த விடை கெட்டுப்போகிறது. புள்ளியியலில் இதை சர்வைவர்ஷிப் பயஸ் என்பார்கள். பங்குச் சந்தையிலும் மியூச்சுவல் ஃபண்டுகளிலும் இது பல காலமாகத் தெரிந்த கோளாறுதான். கிரிப்டோவில் சாவு விகிதம் மிக அதிகம் என்பதால் அதன் அளவு இங்கே பயங்கரமாக வீங்கிவிடுகிறது.

அந்த இரண்டு பட்டியல்களையும் பிரித்துப் பார்க்கலாம். 2018 புத்தாண்டு அன்று முதல் பத்தில் இருந்தவை பிட்காயின், எக்ஸ்.ஆர்.பி., எதீரியம், பிட்காயின் கேஷ், கார்டானோ, லைட்காயின், அயோட்டா, நெம், டேஷ், ஸ்டெல்லர். ஏழு ஆண்டு கழித்து இவற்றில் லாபம் தந்தவை மூன்றே மூன்று. பிட்காயினில் போட்ட நூறு டாலர் சுமார் 680 ஆனது, எதீரியத்தில் போட்டது 430 ஆனது, கார்டானோவில் போட்டது 116 ஆனது. மற்ற ஏழும் நஷ்டம். அன்று சுமார் 1,050 டாலர் விலை பேசிய டேஷ் 2024 இறுதியில் 40 டாலரைக்கூடத் தொடவில்லை. மூன்றரை டாலர் இருந்த அயோட்டா 30 சென்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது. ஒரு டாலரைத் தாண்டியிருந்த நெம், இரண்டரை சென்ட்.

2024 இறுதிப் பட்டியலின் முதல் பத்தில், டாலரோடு கட்டப்பட்ட ஸ்டேபிள்காயின்கள் இரண்டைக் கழித்தால் எட்டு காயின்கள் மிஞ்சும். அவற்றில் சொலானா 2020இல்தான் சந்தைக்கு வந்தது, அதையும் கழித்தால் ஏழு. பிட்காயின், எதீரியம், எக்ஸ்.ஆர்.பி., கார்டானோ ஆகிய நான்கும் பழைய பட்டியலிலும் இருந்தவை. புதிதாக நுழைந்திருப்பவை பி.என்.பி., டோஜ்காயின், ட்ரான். லாபத்தை அள்ளிக் கொட்டியவை இந்தப் புதியவைதான். எட்டரை டாலருக்குக் கீழே இருந்த பி.என்.பி. 700 டாலரைத் தொட்டது, அதாவது 83 மடங்கு. டோஜ்காயின் 35 மடங்கு, ட்ரான் 5 மடங்கு. பி.என்.பி., டோஜ்காயின் இரண்டையும் எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் 19 மடங்கு என்பது மூன்றரை மடங்காகச் சுருங்கிவிடுகிறது. 2018 புத்தாண்டில் இந்த இரண்டும் முதல் இருபது இடங்களுக்குள்கூட இல்லை. அவற்றை அன்று தேர்ந்தெடுக்க எந்த விதியும் சொல்லியிருக்காது. பின்னாளில் ஏறின என்ற செய்தியே அவற்றைப் பட்டியலுக்குள் கொண்டுவந்தது.

பேக்டெஸ்ட் எழுதுகிறவர்கள் எதிர்காலத் தகவல் உள்ளே கசியக் கூடாது என்பதில் பெரும்பாலும் கவனமாகவே இருக்கிறார்கள். நாளைய விலையை வைத்து இன்று வாங்கும்படி நிரல் எழுதினால் அது மோசடி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே எதிர்காலம் நிரலின் முதல் வரியிலேயே, “முதல் 50 காயின்களின் பெயரைக் கொண்டு வா” என்ற இடத்தில், கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதை யாரும் உத்தியின் பகுதியாக நினைப்பதில்லை.

எக்ஸ்சேஞ்சிடம் காயின் பட்டியல் கேட்டால், பெரும்பாலும் இன்று வர்த்தகமாகும் காயின்களைத்தான் அது கொடுக்கும். விலை இணையதளங்களின் முகப்புப் பக்கமும் அப்படியே. பழைய காயின்களையும் சேர்த்துக் கவனமாகத் தரவு திரட்டியவர்கள்கூட அடுத்த படியில் சறுக்குவது உண்டு. பைத்தானில் விலை அட்டவணையைச் சுத்தம் செய்ய நிறையப் பேர் பயன்படுத்தும் வரி இது:

```
prices = prices.dropna(axis=1)
```

ஒரு காயினின் விலையில் ஒரே ஒரு நாள் வெற்றிடம் இருந்தாலும் அந்தக் காயினின் பத்தியையே தூக்கி எறியும் கட்டளை இது. நடுவில் செத்துப்போன காயினுக்குக் கடைசிப் பகுதி முழுவதும் வெற்றிடம்தான். எனவே சுத்தம் செய்கிறோம் என்ற பெயரில் செத்தவை அனைத்தும் ஒரே நொடியில் காணாமல் போகின்றன. பிழைச் செய்தி எதுவும் வராது. வரைபடம் மட்டும் அழகாகிவிடும்.

காணாமல் போகிறவை எத்தனை? காயின்கெக்கோ நிறுவனம் 2024 தொடக்கத்தில் வெளியிட்ட கணக்குப்படி, 2014 முதல் அதன் தளத்தில் பட்டியலிடப்பட்ட 24,000க்கும் மேற்பட்ட காயின்களில் 14,000க்கும் அதிகமானவை செத்துவிட்டன. பாதிக்கும் மேல். இவற்றில் பெரும்பாலானவை யாரும் பெயர் கேள்விப்படாத குட்டிக் காயின்கள் என்பது உண்மை. ஆனால் பெரிய தலைகளும் உருண்டிருக்கின்றன.

பிட்கனெக்ட் 2017 இறுதியில் 400 டாலரைத் தாண்டி விற்றது. அதன் மொத்தச் சந்தை மதிப்பு 200 கோடி டாலருக்கும் மேல். கடன் திட்டத்தில் போட்டால் ஆண்டு முழுக்க வட்டி கொட்டும் என்று சொல்லிப் பணம் திரட்டிய அந்தத் திட்டம் 2018 ஜனவரி 16 அன்று கடையை மூடியது. காயின் விலை ஓரிரு நாளில் பத்தில் ஒரு பங்குக்கு விழுந்தது. நெம்மின் கதை வேறு மாதிரி. 2018 ஜனவரி 26 அன்று ஜப்பானின் காயின்செக் எக்ஸ்சேஞ்சிலிருந்து 52 கோடிக்கும் அதிகமான நெம் காயின்கள் திருடப்பட்டன. அன்றைய மதிப்பு 50 கோடி டாலருக்கும் மேல். அதன் பிறகு நெம் ஒரே நாளில் சாகவில்லை, ஆண்டுக்கணக்கில் தேய்ந்தது. கடைசியில் 2024 ஜூன் 17 அன்று பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் அதை டீலிஸ்ட் செய்தது. ஒமிசேகோ, வேவ்ஸ் ஆகியவையும் அதே நாளில் வெளியேற்றப்பட்டன. 2024 ஜூலையில் பைனான்ஸின் வர்த்தகப் பட்டியலை இறக்கிக்கொண்டு 2018இலிருந்து பேக்டெஸ்ட் ஓட்டியவருக்கு, ஒரு காலத்தில் முதல் பத்தில் இருந்த நெம் என்று ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது.

லாபத்தை ஊதிக் காட்டுவதோடு இந்தக் கோளாறு நின்றுவிட்டால்கூடச் சமாளிக்கலாம், எல்லா விடையிலும் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டால் போதும். ஆனால் அது எல்லா உத்திகளையும் ஒரே அளவில் ஊதுவதில்லை. சில உத்திகளைத் தூக்கிவிட்டு, சிலவற்றை மட்டம்தட்டுகிறது. அதாவது எந்த உத்தி நல்லது என்ற தீர்ப்பையே மாற்றிவிடுகிறது.

சிறு வர்த்தகர்களுக்கு மிகவும் பிடித்த ஒரு விதியை எடுத்துக்கொள்ளலாம். உச்ச விலையிலிருந்து பாதியாக விழுந்தால் வாங்கு. பழைய உச்சம் திரும்ப வந்ததும் விற்றுவிடு. எதீரியம் 2018 ஜனவரியில் சுமார் 1,400 டாலர் உச்சம் தொட்டது. விதிப்படி 700 டாலரில் வாங்கினால், அதே டிசம்பரில் விலை 84 டாலர் வரை இறங்குகிறது. ஆனாலும் 2021 ஜனவரியில் 1,400ஐத் தாண்டுகிறது, பணம் இரட்டிப்பு. சொலானா 2021 நவம்பரில் 260 டாலர். 130இல் வாங்கினால், 2022 டிசம்பரில் 8 டாலரைப் பார்க்க வேண்டியிருக்கும். 2024 நவம்பரில் பழைய உச்சம் திரும்புகிறது, மறுபடியும் இரட்டிப்பு. பிழைத்தவற்றின் பட்டியலில் இந்த விதிக்குத் தோல்வி அரிது. காரணம் விதியின் திறமை அல்ல. விழுந்து எழுந்திருக்காத காயின்கள் அந்தப் பட்டியலுக்குள் வரவே முடியாது.

இந்த விதியை லூனாமீது ஓட்டிப் பார்த்தால் என்ன நடக்கும்? 2022 தொடக்கத்தில் லூனா முதல் பத்துக்குள் நின்ற காயின். ஏப்ரல் முதல் வாரத்தில் சுமார் 119 டாலர் உச்சம். மே 7ஆம் தேதி வாக்கில் அதன் கூட்டாளியான யூ.எஸ்.டி. என்ற ஸ்டேபிள்காயின் ஒரு டாலர் நிலையிலிருந்து நழுவத் தொடங்கியது. ஒரு யூ.எஸ்.டி.யைக் கொடுத்தால் ஒரு டாலர் பெறுமான புதிய லூனாவை அச்சடித்துத் தருவது அந்த அமைப்பின் விதி. லூனா விலை விழ விழ, அதே ஒரு டாலருக்கு அதிக லூனா அச்சாக வேண்டியிருந்தது. அச்சாக அச்சாக விலை இன்னும் விழுந்தது. சுமார் 34 கோடியாக இருந்த லூனா எண்ணிக்கை ஒரு வாரத்துக்குள் 6.5 லட்சம் கோடியாகப் பெருகியது. விலை மே 9 அன்று 60 டாலருக்குக் கீழே போனது. விதிப்படி அதுதான் வாங்கும் நேரம். 11ஆம் தேதி அது ஒரு டாலருக்கு அருகில் வந்துவிட்டது. அடுத்த நாள் ஒரு சென்ட்டைவிடக் குறைவு. 13ஆம் தேதி பைனான்ஸ் வர்த்தகத்தையே நிறுத்தியது. அறுபது டாலரில் வாங்கியவருக்கு முதலில் எதுவுமே மிஞ்சவில்லை.

ஸ்டாப்-லாஸ் விஷயத்திலும் இதே திருகல்தான். வாங்கிய விலையிலிருந்து 30 சதவீதம் விழுந்தால் விற்றுவிடு என்று ஒரு பாதுகாப்பு விதியைச் சேர்த்தால், எதீரியத்தை 490 டாலரில் நஷ்டத்துக்கு விற்றிருப்போம், இரட்டிப்பு லாபம் போயிருக்கும். பிழைத்தவற்றை மட்டும் பார்க்கும் கணினி “ஸ்டாப்-லாஸ் வேண்டாம், அது லாபத்தைத் தின்கிறது” என்று சொல்லும். லூனாவும் நெம்மும் சேர்ந்த பட்டியலில் அந்தப் பாதுகாப்பு விதிதான் முதலைக் காப்பாற்றியிருக்கும். ஆக, கெட்ட தரவு வர்த்தகரின் கையிலிருந்து கேடயத்தைப் பிடுங்கிவிட்டு அவரைச் சந்தைக்கு அனுப்புகிறது. இந்தக் கோளாறின் ஆகக் கொடிய முகம் இதுதான்.

லூனாவைத் தரவில் சேர்த்துவிட்டால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடாது. 2022 மே இறுதியில் புதிய லூனா ஒன்று வெளியானது. LUNA என்ற குறியீடு புதியதற்குப் போனது, பழையது LUNC ஆனது. குறியீட்டை மட்டும் நம்பி இரண்டு வரலாறுகளையும் ஒட்டிவிட்டால், ஒரு சென்ட்டின் சிறு துளியாக இருந்த விலை இரண்டு வாரத்தில் பல டாலராகத் துள்ளியதாகக் கணினி படிக்கும். உண்மையில் எல்லாவற்றையும் இழந்த இடத்தில் பேக்டெஸ்ட் கோடிக்கணக்கில் லாபம் காட்டும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் குறியீட்டை நம்பாமல், விலைத் தளங்கள் ஒவ்வொரு காயினுக்கும் தரும் தனி அடையாள எண்ணை வைத்துத் தரவைச் சேர்க்கிறார்கள்.

வீக்கத்தின் அளவை ஆய்வாளர்கள் அளந்தும் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் செயிண்ட் காலன் பல்கலைக்கழக நிதித்துறைப் பேராசிரியர் மானுவல் அம்மானும் சக ஆய்வாளர்களும் 2014 முதல் 2021 வரையிலான சுமார் 3,900 காயின்களை ஆராய்ந்தார்கள். எல்லாக் காயினிலும் சம அளவு பணம் போட்டதாக வைத்தால், செத்தவற்றை விடுவதால் ஆண்டு வருமானம் சுமார் 62 சதவீதப் புள்ளி கூடுதலாகத் தெரிகிறது. சந்தை மதிப்புக்கு ஏற்ற விகிதத்தில் போட்டதாக வைத்தாலோ அந்தக் கூடுதல் ஒரு சதவீதப் புள்ளிகூட இல்லை. இரண்டுக்கும் இவ்வளவு தூரம் இருப்பதற்குக் காரணம் எளிது. மதிப்புக்கு ஏற்றபடி போடும்போது பணத்தில் பெரும்பங்கு பிட்காயினுக்கும் எதீரியத்துக்கும் போய்விடுகிறது, அவை சாகவில்லை. சிறு காயின்களில் பணத்தைப் பரப்பும் உத்திகளுக்குத்தான் ஆபத்து அதிகம். கவர்ச்சியான பேக்டெஸ்ட் முடிவுகள் பெரும்பாலும் அந்தச் சிறு காயின்களிலிருந்தே வருகின்றன.

சரியாகச் செய்ய என்ன வழி? ஒவ்வொரு முறை காயின் தேர்ந்தெடுக்கும்போதும் அந்தத் தேதியில் கிடைத்த பட்டியலையே பயன்படுத்த வேண்டும். காயின்மார்க்கெட்கேப் தளம் 2013 ஏப்ரலிலிருந்து வாராவாரம் ஞாயிற்றுக்கிழமைத் தரவரிசையைச் சேமித்து வைத்திருக்கிறது. மாதம் ஒருமுறை முதல் 30 காயின்களை மாற்றி அமைக்கும் உத்தி என்றால், ஒவ்வொரு மாதத்துக்கும் அந்த மாதத்தின் பழைய பக்கத்தைப் புரட்டி, அன்று 30க்குள் இருந்தவற்றை எடுக்க வேண்டும். பிட்கனெக்டும் அப்போது உள்ளே வரும், நெம்மும் லூனாவும் வரும். அவை விழும்போது கணக்கும் சேர்ந்து விழும். விழட்டும், அன்று பணம் போட்டவர்களுக்கு அதுதான் நடந்தது.

பிறகு, செத்த காயினிலிருந்து எந்த விலையில் வெளியேறுவது என்ற கேள்வி. பங்குச் சந்தை ஆய்வில் இதே சிக்கலைப் பொருளாதார ஆய்வாளர் டைலர் ஷம்வே 1997இல் எடுத்துக்காட்டினார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பங்கு விலைத் தொகுப்பில், மோசமான காரணத்துக்காக டீலிஸ்ட் ஆன நிறுவனங்கள் பலவற்றின் கடைசி வீழ்ச்சி பதிவாகவே இல்லை. அத்தகைய நியூயார்க் பங்குகளுக்கு அந்த விடுபட்ட வருமானம் சராசரியாக மைனஸ் 30 சதவீதம் என்று அவர் மதிப்பிட்டார். கிரிப்டோ பேக்டெஸ்டிலும் கடைசியாகப் பதிவான விலையில் முழுவதையும் விற்றதாக எழுதிவிடுவது சுலபம். ஆனால் டீலிஸ்ட் அறிவிப்பு வந்ததுமே விலை சரிகிறது, வாங்குவோர் கரைகிறார்கள். கடைசி விலையில் ஒரு பங்கைக் கழித்து ஒரு கணக்கும், முழுப் பூஜ்யம் என்று வைத்து இன்னொரு கணக்கும் ஓட்டிப் பார்த்தால், உண்மை அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும் என்ற அளவாவது தெரியும்.

இதில் எதிர்த்திசையிலும் தவறு நேரலாம். டீலிஸ்ட் ஆனதெல்லாம் செத்தது என்று பூஜ்யம் போட்டுவிடக் கூடாது. மொனேரோவை பைனான்ஸ் 2024 பிப்ரவரியில் நீக்கியது. பரிவர்த்தனைகளின் அந்தரங்கத்தைக் காப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட அந்தக் காயின் வேறு இடங்களில் தொடர்ந்து விற்றது, அந்த ஆண்டு இறுதியில் நீக்கப்பட்டபோது இருந்ததைவிட அதிக விலையில் இருந்தது. ஒரு எக்ஸ்சேஞ்ச் கதவைச் சாத்தியது வேறு, காயின் மதிப்பிழந்தது வேறு. எங்கே வர்த்தகம் செய்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

அடுத்தவர் காட்டும் பேக்டெஸ்டைச் சோதிக்க நிரல் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. தரவில் 2018 ஜனவரிக்கு எத்தனை காயின்கள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை இன்றுவரை தொடர்கின்றன என்று கேட்டால் போதும். “எல்லாமே தொடர்கின்றன” என்றால் கல்லறை காலி, தரவு வடிகட்டப்பட்டது. பிட்கனெக்ட் எந்தத் தேதியில் வெளியேறியது என்று கேட்கலாம். இன்னொரு சோதனை, உத்தியைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு அதே தரவிலிருந்து குருட்டாம்போக்கில் காயின்களை எடுத்து வாங்கி வைத்ததாக ஓட்டிப் பார்ப்பது. அதுவும் பத்து இருபது மடங்கு லாபம் காட்டினால், லாபம் வந்தது பட்டியலிலிருந்து, உத்தியிலிருந்து அல்ல.

இந்தியாவில் கணக்குப் போடுகிறவர்களுக்கு இதில் இன்னொரு அடியும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. முதலில் பார்த்த 2018 பட்டியலையே எடுத்துக்கொள்வோம், ரூபாய் மாற்று மதிப்பை ஒதுக்கிவிடுவோம். மூன்று காயின்களில் லாபம் சுமார் 930 டாலர், ஏழில் நஷ்டம் சுமார் 470 டாலர், நிகரம் 460. வரியோ முழு 930க்கும் கட்ட வேண்டும், அதாவது சுமார் 280 டாலர். ஏழு ஆண்டு காத்திருந்தவர் கையில் மிஞ்சுவது 180 டாலர் அளவு, செஸ் தனி. நிகர லாபத்தில் அறுபது சதவீதம் வரியாகப் போய்விடுகிறது. 2024 பட்டியலில் நஷ்டக் காயின் எக்ஸ்.ஆர்.பி. ஒன்றுதான், அதிலும் நூறு டாலருக்கு 13 டாலர் இழப்பு. அந்தப் பட்டியலை வைத்துக் கணக்குப் போடுகிறவருக்கு இந்த வரி விதியின் உறைப்பு தெரியவே வாய்ப்பில்லை.